டீ வாங்கிக் கொடுத்தவரும் நோட் எழுதியவரும்

2023 ஜூன் மாதம் நான் வரைந்த படம் ஒன்று இன்னும் என் டைரிக்குள் மடித்துக் கிடக்கிறது. ஏ4 தாளில் ஆறு வட்டங்கள், நான் விற்கப்போன கம்பெனியில் ஆளுக்கு ஒன்று. மெயின்டனன்ஸ் ஜி.எம். வட்டத்துக்குப் பச்சை மை, ஐ.டி. தலைவருக்குச் சிவப்பு, மீதி நான்கு பேருக்குப் பென்சில். பச்சை என்றால் உள்ளே நமக்காகப் பேசும் சாம்பியன், சிவப்பு என்றால் முட்டுக்கட்டை. இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. பச்சையும் தப்பு, சிவப்பும் தப்பு. அதைவிட மோசம், அந்த விற்பனையைக் கிட்டத்தட்டக் கவிழ்க்கப் பார்த்த ஆளுக்கு அந்தத் தாளில் வட்டமே போடவில்லை.

நான் விற்பது தொழிற்சாலைகளுக்கான பராமரிப்பு மென்பொருள். எந்த மெஷின் எப்போது நின்றது, யார் சரி செய்தார்கள், என்ன ஸ்பேர் போட்டார்கள், அடுத்த சர்வீஸ் எப்போது என்பதையெல்லாம் பதிவு செய்து வைக்கும் சமாசாரம். வாங்குபவர்கள் பெரும்பாலும் வாகன உதிரிபாகக் கம்பெனிகள். இங்கே சொல்லப்போவதும் அப்படி ஒரு கம்பெனிதான். நான்கு ஆலைகள், இரண்டு தமிழ்நாட்டில், இரண்டு வடக்கே. பெயர் வேண்டாம், அடையாளம் தெரியக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். முதல் சந்திப்பு 2023 ஜூன், கொள்முதல் ஆணையான பி.ஓ. கைக்கு வந்தது 2024 ஆகஸ்ட். பதினான்கு மாதம். இந்தத் தொழிலில் இது ஒன்றும் அதிசயமான கணக்கு இல்லை.

பணக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நான்கு ஆலைக்கும் நிறுவித் தர ஒருமுறைச் செலவு 32 லட்சம், வருடச் சந்தா 22 லட்சம். ஆக முதல் வருடம் 54 லட்சம்.

பச்சை மை எப்படி வந்தது என்றால், மெயின்டனன்ஸ் ஜி.எம். தங்கமான மனிதர். போனால் டீ, மதியமானால் கேன்டீனில் சாப்பாடு. டெமோ பார்த்துவிட்டு, "இதைத்தான் சார் பத்து வருஷமா தேடிட்டு இருந்தேன்" என்றார். காரில் திரும்பும்போதே நான் மேனேஜருக்கு போன் போட்டு, சாம்பியன் கிடைச்சாச்சு என்று சொல்லிவிட்டேன்.

சாம்பியன் என்ற சொல் எங்கள் தொழிலில் புழங்குவதற்கு மெடிக் என்ற சட்டகம் ஒரு பெரிய காரணம். 1990களில் அமெரிக்காவில் பி.டி.சி. என்ற மென்பொருள் கம்பெனியின் விற்பனைக் குழுவில் உருவானது அது. பணத்துக்குக் கடைசி வார்த்தை சொல்பவர் யார், எந்த அளவுகோலில் முடிவெடுப்பார்கள், எந்த வழியில் எடுப்பார்கள், உள்ளே நமக்காகப் பேசுபவர் யார் என்று எழுத்துக்கு ஒன்றாக ஆறு விஷயங்களைக் கேட்கச் சொல்லும். ஆறும் தேவையான கேள்விகள்தான். ஆனால் அந்த ஆறில் முட்டுக்கட்டை போடுபவருக்கு ஒரு எழுத்து கிடையாது. அந்த ஆளை அடையாளம் காண்பதை விற்கப்போன இடத்தில்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜி.எம்மிடம் நான் அடுத்த மூன்று மாதத்தில் மூன்று விஷயம் கேட்டேன். போன வருடம் மெஷின்கள் நின்ற மணிக்கணக்கு வேண்டும் என்றேன். "அனுப்பச் சொல்றேன்" என்றார். உங்கள் நிதித் தலைவர் சி.எஃப்.ஓ.வை ஒரு அரை மணி நேரம் பார்க்க முடியுமா என்றேன். "அவர்கிட்ட போறதுக்கு இன்னும் டைம் இருக்கு சார்" என்றார். கடைசியாக இந்தத் தொகைக்கு மென்பொருள் வாங்கியபோது ஃபைல் எந்தெந்த மேஜைக்குப் போனது என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியவே தெரியாது. நல்ல மனிதர், நம் பொருளும் பிடித்திருக்கிறது, ஆனால் அதற்காக ஒரு மெயில்கூடப் போடவில்லை. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. இது வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவரைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவர் சாம்பியன் என்று எங்கேயும் சொல்லிக்கொள்ளவில்லை, நானாகத்தான் மை பூசினேன்.

அவர் சொன்ன ஒரு வார்த்தையால் மட்டும் ஒரு வருடமே போயிருக்கும். "பட்ஜெட் இருக்கு, கவலைப்படாதீங்க" என்றார். இருந்தது உண்மை. ஆனால் அது ரிப்பேர் செலவுத் தலைப்பில் இருந்த பணம். பேரிங் வாங்கலாம், மோட்டார் சுற்றலாம், மென்பொருள் வாங்க முடியாது. ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான திட்டத்தை அந்தக் கம்பெனியில் டிசம்பரில் எழுத ஆரம்பித்து பிப்ரவரி கடைசியில் பூட்டிவிடுவார்கள். அதற்குள் மென்பொருளுக்கென்று ஒரு வரி உள்ளே போகாவிட்டால் அடுத்த ஏப்ரல் வரை எல்லாரும் நம்மைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே இருப்பார்கள். இப்போதெல்லாம் யாராவது பட்ஜெட் இருக்கிறது என்றால் எந்தத் தலைப்பில், யார் பெயரில் என்று கேட்காமல் நான் எழுந்திருப்பதில்லை.

அந்த வரியை உள்ளே போட வைத்தவர் என் படத்தில் பென்சில் வட்டமாகக்கூட ஒழுங்காக இல்லாத ஒருவர். டி.பி.எம்., அதாவது எல்லாரும் சேர்ந்து மெஷினைப் பேணும் முறைக்கு ஒருங்கிணைப்பாளர். வயது முப்பத்து மூன்று, நான்கு இருக்கலாம். டெமோவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஷிஃப்ட் மாறும்போது பாதியில் நிற்கிற வேலையை அடுத்த ஆளுக்கு எப்படி மாத்துவீங்க சார்?" எங்களிடம் அதற்குச் சரியான பதில் அன்று இல்லை. முகத்தைப் பார்த்தால் அவருக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்றே தோன்றியது. ஒரு வாரம் கழித்து, நான் ஜி.எம்மிடம் கேட்டு வராத மணிக்கணக்கு இவரிடமிருந்து வந்தது. பதினோரு மாதம், லைன் வாரியாக. கீழே ஒரு வரி: "ஓசூர் டேட்டா நம்ப முடியாது, அங்கே பதினைந்து நிமிடத்துக்குக் கீழே நின்றால் எழுத மாட்டார்கள்."

அந்தக் கடைசி வரிதான் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது. நமக்கு வேண்டியதை அனுப்புவது பெரிய விஷயமில்லை. அதில் எங்கே ஓட்டை என்பதையும் சேர்த்துச் சொல்கிறார் என்றால், இந்த எண்களை மேலே யாரோ குடைவார்கள் என்று ஏற்கெனவே யோசித்திருக்கிறார். அவருக்கு இதில் சொந்தக் காரணமும் இருந்தது. நான்கு ஆலையின் பராமரிப்பு அறிக்கையையும் மாதாமாதம் எக்செல்லில் ஒட்டுப்போடுவது அவர் வேலை. மாதத்தில் ஆறு நாள் அதிலேயே போகிறது என்றார். அந்த ஆறு நாள் மிச்சமானால் நான்கு ஆலைக்கும் பொறுப்பான பதவிக்கு அவர் நகர வாய்ப்பிருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கத்து மேஜைக்காரர் சொன்னார்.

சி.எஃப்.ஓ. முன்னால் பேச வேண்டிய நாளுக்கு முந்தின இரவு ஒன்பதரைக்கு ஒருங்கிணைப்பாளரிடமிருந்து போன். "சார், அந்த ஒண்ணே முக்கால் கோடி சேவிங்ஸ் ஸ்லைடை எடுத்துடுங்க."

எங்கள் கணக்கு வழக்கமான கணக்கு. மெஷின் நிற்கும் மணி இவ்வளவு குறையும், ஒரு மணிக்கு இவ்வளவு உற்பத்தி, ஆக வருடத்துக்கு 1.75 கோடி மிச்சம். எல்லா விற்பனையாளரும் காட்டுவது. அவர் பொறுமையாக விளக்கினார். இரண்டு ஆலையில் ஆர்டரே முழுசாக இல்லை. மெஷின் கூடுதலாக ஓடினால் கூடுதலாக விற்கப்போவதில்லை, சரக்குதான் தேங்கும். அந்த மணிக்கு விலை போட்டுக் கொண்டுபோனால் சி.எஃப்.ஓ. முதல் ஸ்லைடிலேயே லேப்டாப்பை மூடிவிடுவார், போன வருடம் இன்னொருவருக்கு அப்படித்தான் நடந்தது. லெட்ஜரில் இன்றைக்கு இருக்கிற, நாளைக்குக் குறையக்கூடிய செலவு எது என்று மட்டும் காட்டுங்கள் என்றார்.

ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து பிரித்தோம். அவசரத்துக்கு வாங்கும் ஸ்பேருக்குக் கொடுக்கும் கூடுதல் விலையும் விமானச் சரக்குக் கட்டணமும் பாதியாகக் குறைந்தால் 15 லட்சம். பிரேக்டவுனுக்கு வெளியாட்களைக் கூப்பிடும் செலவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் 14 லட்சம். ஸ்பேர் கையிருப்பைக் கொஞ்சம் இறக்கினால் முடங்கிக் கிடக்கும் பணத்துக்கான வட்டி, பராமரிப்பு எல்லாம் சேர்த்து 9 லட்சம். மொத்தம் 38 லட்சம். ஒன்றே முக்கால் கோடிக்கு முன்னால் பரிதாபமாக இருந்தது. ஆனால் 38-இல் வருடச் சந்தா 22 போக 16 லட்சம் மிஞ்சும், போட்ட 32 லட்சம் இரண்டு வருடத்தில் திரும்பும். அந்தக் கம்பெனியில் இரண்டு வருடம்தான் எல்லைக்கோடு.

சி.எஃப்.ஓ. அடுத்த நாள் கேட்டது ஒரே கேள்வி. இந்த மூன்று செலவும் எந்தக் கணக்குத் தலைப்பில் இருக்கிறது? எங்களிடம் பதில் இருந்தது. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பச்சை மைக்கு நான் இப்போது வைத்திருக்கும் சோதனை இந்த இரவிலிருந்து வந்ததுதான். நாம் இல்லாத இடத்தில் அந்த ஆள் என்ன செய்தார், தேதி என்ன? நமக்குப் பிடிக்காத செய்தியை எப்போதாவது சொன்னாரா? அவர் சொன்னால் மேலே கேட்பார்களா? மூன்றாவது கேள்விக்கு எனக்குக் கொஞ்ச காலம் பதில் தெரியவில்லை, ஏனென்றால் பதவியில் அவர் நான்கு படி கீழே. ஆனால் மாதாந்திர ஆலோசனைக் கூட்டத்தில் ஆபரேஷன்ஸ் வி.பி. எண் கேட்டால் எல்லாரும் இவர் பக்கம் திரும்புகிறார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம்ம ஆள் என்று தெரிந்தவுடன் விற்பனையாளருக்குப் பேராசை வரும். போட்டிக் கம்பெனியின் கோட்டேஷன் கிடைக்குமா, ஒப்புதலுக்காக உள்ளே மேஜை மேஜையாகப் போகும் நோட்டின் நகல் கிடைக்குமா என்று கேட்கத் தோன்றும். கேட்கக் கூடாது. அவர் அதைக் கொடுத்து மாட்டிக்கொண்டால் அவர் வேலையும் போகும், நம் விற்பனையும் போகும். நான் நோட்டின் நகலைக் கேட்கவில்லை, நோட்டில் என்னென்ன தலைப்புகள் வரும் என்று மட்டும் கேட்டேன். போனில் படித்துச் சொன்னார். அந்தத் தலைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதி அனுப்பினேன். அவர் அதில் பாதியை மாற்றி எழுதினார், நல்லதாகவே எழுதினார்.

இனி சிவப்பு மைக்கு வருகிறேன்.

ஐ.டி. தலைவர் முதல் கூட்டத்திலேயே, "எங்ககிட்ட எஸ்.ஏ.பி. இருக்கு, அதுல பிளான்ட் மெயின்டனன்ஸ் மாட்யூலும் இருக்கு. இது எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எஸ்.ஏ.பி. என்பது கம்பெனியின் கணக்கு, சரக்கு எல்லாவற்றையும் நடத்தும் பெரிய மென்பொருள், பராமரிப்புக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. மாட்யூல் இருந்தது, லைசென்ஸ் இருந்தது, ஃபிட்டர்கள் யாரும் அதைத் தொடவில்லை. நான்கு வருடம் முன்பு அதை நிறுவியது அவருடைய குழு. இன்னொரு மென்பொருள் உள்ளே வந்தால் பழையது தோற்றுப்போனது என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம். அந்தக் கோணம் எனக்கு அப்போது தெரியவில்லை. கண்டிப்பான மேடம், முட்டுக்கட்டை என்று சிவப்பு அடித்துவிட்டேன்.

அப்புறம் அவரிடமிருந்து பாதுகாப்புக் கேள்வித்தாள் வந்தது. அறுபத்து நான்கு கேள்விகள். டேட்டா எந்த ஊர் சர்வரில் இருக்கும், கடைசியாக ஊடுருவல் சோதனை செய்தது எப்போது, வேலையை விட்டுப் போனவரின் லாகின் எவ்வளவு நேரத்தில் மூடப்படும் என்று ஆரம்பித்து நீண்டது. எங்கள் ஆபீசில் எல்லாரும் சலித்துக்கொண்டார்கள், வேண்டுமென்றே இழுக்கிறார் என்று. பதில் அனுப்பிய எட்டாம் நாள் அதில் பதினோரு பதில்களுக்குத் துணைக் கேள்வி வந்தது. நான் அப்போதுதான் கொஞ்சம் யோசித்தேன். கொல்ல நினைப்பவர் அறுபத்து நான்கு பதிலையும் படித்து அதில் பதினொன்றைப் பிடித்துத் திருப்பிக் கேட்பாரா? சும்மா மேஜை மேல் வைத்திருந்தாலே போதுமே, தானே செத்துப்போகும்.

நேரில் போய்ப் பேசினேன். எஸ்.ஏ.பி.யை எடுக்க வேண்டாம், அதுவே மூலப் பதிவாக இருக்கட்டும், எங்களுடையது ஃபிட்டர் கையில் இருக்கும் செல்போன் திரையாக மட்டும் இருக்கட்டும், வேலை ஆணைகள் அங்கிருந்து இங்கே வந்து முடிந்ததும் அங்கேயே திரும்பட்டும் என்றேன். இணைப்பு வேலைக்கு எங்களுக்கு இரண்டு மாதம் கூடுதலாகப் பிடித்தது, அதற்கான ஆள் செலவை நாங்களே ஏற்றுக்கொண்டோம். அவருக்கு என்ன கிடைத்தது? யாரும் பயன்படுத்தாத மாட்யூலுக்கு முதல்முறையாக டேட்டா வர ஆரம்பிக்கும். பின்னால் நோட்டில் அவருடைய குறிப்பு ஒரு வரிதான்: ஏற்கெனவே உள்ள முதலீட்டின் பயன்பாட்டை உயர்த்தும் என்று. வெளியாள் யாரும் இதைவிட நன்றாக எழுதியிருக்க முடியாது.

எல்லா ஐ.டி. தலைவரையும் இப்படித் திருப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இதற்கு முந்தைய வருடம் இன்னொரு இடத்தில் இதே பேச்சைப் பேசினேன், அவர் தன் சொந்தக் குழுவை வைத்து ஒரு செயலி கட்டிக்கொண்டிருந்தார். அங்கே பேச ஒன்றுமே இல்லை. நான்கு மாதம் வீணாக அலைந்தேன். அது தெரிந்த அன்றே கிளம்பியிருக்க வேண்டும்.

சரி, வட்டமே போடாத ஆள்.

2023 அக்டோபரிலிருந்து மூன்று மாதம் ஒரு ஆலையில் ஒரே ஒரு மெஷினிங் லைனில் சோதனை ஓட்டம். அதற்கு ஸ்பேர் பட்டியல் வேண்டும்: பொருள் எண், குறைந்தபட்ச அளவு, இன்றைய கையிருப்பு. ஸ்டோர்ஸ் தலைவரிடம் கேட்டேன். ஐம்பது தாண்டியவர், நெற்றி நிறைய விபூதி, பேச்சில் எப்போதும் ஒரு நிதானம். "கண்டிப்பா தம்பி, வெள்ளிக்கிழமை அனுப்பிடறேன்." பட்டியல் வந்தது, கையிருப்பு என்ற பத்தியே அதில் இல்லை. மறுபடி கேட்டேன். ஆடிட் நடக்கிறது, முடிந்ததும் தருகிறேன் என்றார். மூன்றாம் முறை, சிஸ்டத்தில் ஏதோ மாற்றம் நடக்கிறது என்றார். எந்தக் கூட்டத்திலும் அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

அதுதான் அடையாளம், அப்போது எனக்குப் படிக்கத் தெரியவில்லை. உண்மையில் இதைப் பயன்படுத்தப்போகிற ஆளுக்குச் சந்தேகம் வந்தே தீரும். பார்கோடு ஒட்டணுமா, ராத்திரி ஷிஃப்டில் யார் எடுத்துக் கொடுப்பது என்று ஏதாவது கேட்பார். கேள்வியே இல்லாமல் சம்மதம் மட்டும் வருகிறது, கூடவே தேதியும் தள்ளிக்கொண்டே போகிறது என்றால், அந்த ஆள் இது வரவே போவதில்லை என்ற தெம்பில் இருக்கிறார்.

டிசம்பர் முடிவில் சோதனை அறிக்கை எழுத வேண்டும். ஸ்பேர் பகுதி காலியாக இருந்தது. 38 லட்சத்தில் 24 லட்சம் ஸ்பேரைச் சார்ந்த மிச்சம். அறிக்கையில் அது இல்லாமல் மேலே போனால் கணக்கு விழுந்துவிடும். ஐ.டி. தலைவரைப் பற்றி நான் இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு எக்செல் பத்தி இல்லாததால் கப்பல் கவிழப் பார்த்தது.

காரணத்தைச் சொன்னவர் மறுபடி அதே ஒருங்கிணைப்பாளர். மெயின்டனன்ஸ் ஆட்கள் ஸ்பேரை ஸ்டோர்சிலிருந்து எடுத்ததாக எழுதிவிட்டு, பாதியை லைனிலேயே தங்கள் லாக்கரில் வைத்துக்கொள்வார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மெஷின் நின்றால் ஸ்டோர்ஸ் பூட்டியிருக்கும், அவர்கள் வேறென்ன செய்வார்கள்? இன்னொரு பக்கம், அவசரத்துக்கு வாய்வார்த்தையாக எடுத்துப் போனது புத்தகத்தில் ஏறாமலே இருக்கும். ஆக, புத்தகத்தில் உள்ள கையிருப்புக்கும் அலமாரியில் உள்ளதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் மென்பொருள் வந்த முதல் நாள் ஆரம்பக் கையிருப்பை எண்ணித்தான் ஏற்ற வேண்டும். எண்ணினால் வித்தியாசம் வெளியே வரும், அது அவர் பெயரில் எழுதப்படும். பல வருடக் குளறுபடி, பாதிக்கு மேல் அவர் செய்ததே இல்லை, பழி மட்டும் அவருக்கு. அந்த இடத்தில் நான் இருந்தாலும் வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இது நான் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை. வெளியாள் ஸ்டோர்ஸ் கணக்கைப் பற்றி வாய் திறந்தால் அதோடு கதை முடிந்தது. ஒருங்கிணைப்பாளர் ஃபைனான்ஸ் கன்ட்ரோலரிடம் போனார். மென்பொருள் தொடங்கும் முன் ஃபைனான்சும் ஸ்டோர்சும் மெயின்டனன்சும் சேர்ந்து எண்ணுவது, அதில் வரும் வித்தியாசத்தை, கூடுதலோ குறைவோ, அந்த ஒருமுறை மட்டும் தனித் தலைப்பில் எழுதி மூடுவது, தனி ஆள் யார் பெயரும் அதில் வராது என்று ஒரு ஏற்பாடு. கன்ட்ரோலருக்கும் அது வசதிதான், அவரும் அந்தக் கையிருப்பு எண்ணை நம்பியதில்லை. அந்தக் குறிப்பில் கையெழுத்தான நான்காம் நாள் கையிருப்புப் பத்தியோடு பட்டியல் வந்தது. கூடவே ஸ்டோர்ஸ் தலைவரிடமிருந்து முதல் கேள்வியும்: "தம்பி, ஒரே பேரிங்குக்கு மூணு கோடு இருக்கு. உங்க சிஸ்டம் அதை ஒண்ணாக்குமா?"

நான் அன்று சாயந்திரம் அவருக்கு ஒரு வட்டம் போட்டேன், பென்சிலில்.

பிப்ரவரியில் சோதனை நடந்த ஆலையின் தலைவரை வடக்கே மாற்றிவிட்டார்கள். பதினான்கு மாத விற்பனையில் படத்தில் உள்ள யாராவது ஒருவர் நகராமல் இருந்தால்தான் ஆச்சரியம். புதியவர் வந்த முதல் வாரமே, இதை யார் கொண்டுவந்தது என்று கேட்டாராம். நல்லவேளை, பதில் சொல்ல உள்ளே ஆள் இருந்தது. அதற்குள் திட்டத்தில் வரியும் ஏறியிருந்தது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் நான் மறுபடி டெமோவில் ஆரம்பித்திருப்பேன்.

ஏப்ரலில் நோட் கிளம்பியது. ஒருங்கிணைப்பாளர், ஜி.எம்., ஆலைத் தலைவர், ஐ.டி., கன்ட்ரோலர், ஆபரேஷன்ஸ் வி.பி., சி.எஃப்.ஓ., எம்.டி. என்று எட்டு மேஜை. வி.பி. 40 லட்சம் வரை தானே ஒப்புதல் தரலாம், அதற்கு மேலே எம்.டி. வரை போயாக வேண்டும். நம்ம ஜி.எம். அன்போடு ஒரு யோசனை சொன்னார்: "ஆலைக்கு ஒண்ணா நாலா பிரிச்சுடுங்க சார், வி.பி.யோட முடிஞ்சுடும்." எனக்கு ஆசைதான். ஒருங்கிணைப்பாளர் ஒரேயடியாக வேண்டாம் என்றார். வரம்புக்குக் கீழே கொண்டுவரப் பிரிப்பதைத்தான் உள் தணிக்கையில் முதலில் தேடுவார்கள், கண்டுபிடித்தால் பணம் நடுவழியில் நிற்கும். எட்டு மேஜையும் ஏறினோம். நடுவில் இரண்டு முறை கேள்வியோடு திரும்பி வந்தது, மே கடைசியில் முடிந்தது.

அதற்குப் பிறகு பர்ச்சேஸ். இங்கே வருபவரைப் பலரும் முட்டுக்கட்டை என்று குறித்துவிடுவார்கள். அவர் வேலை மூன்று கோட்டேஷன் வாங்கி ஒப்பீட்டுத் தாள் போடுவது, முதல் விலைக்கும் கடைசி விலைக்கும் நடுவே அவர் எவ்வளவு குறைத்தார் என்பதைத்தான் வருடக் கடைசியில் பார்ப்பார்கள். நான் செய்த தப்பு, போன ஆகஸ்டிலேயே ஜி.எம். கேட்டார் என்று பத்து சதவீதம் குறைத்து மெயில் போட்டிருந்தேன். பர்ச்சேஸ்காரர் அந்த மெயிலையே ஆரம்ப விலையாக எடுத்துக்கொண்டார். அவர் குறைத்துக் காட்ட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. இந்தக் கதையில் சொல்லும் 32, 22 எல்லாம் அந்தக் குறைத்த விலைதான். கடைசியில் விலையைத் தொடாமல் மூன்றாம் வருடச் சந்தா உயராது என்று எழுதிக் கொடுத்தேன், ஐந்து பேருக்குப் பயிற்சியை இலவசமாகச் சேர்த்தேன். அதை அவர் ரூபாயாக மாற்றித் தன் தாளில் எழுதிக்கொண்டார்.

பணம் தருவதற்கு 90 நாள் கேட்டார். இதில் எதிர்பாராத இடத்திலிருந்து துணை வந்தது. நாங்கள் சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவர்கள். 2006 ஆம் வருட எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாள்தான் உச்சம். அந்தக் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை, பணம் கொடுக்கிற வருடத்தில்தான் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்று 43பி பிரிவில் ஒரு புது உட்பிரிவு அப்போது நடைமுறைக்கு வந்திருந்தது. நான் வாதாடவே இல்லை. பதிவுச் சான்றிதழை வெண்டர் கோடு படிவத்தோடு இணைத்தேன், அவர்கள் வரிப் பிரிவிலிருந்தே பர்ச்சேசுக்கு 45 நாள் என்று மெயில் போய்விட்டது. அந்த வரிப் பிரிவு ஆளை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

இப்போது நான் படம் வரைவதில்லை, ஒரு எக்செல் வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு வரி. எதில் கையெழுத்துப் போடுவார், இது வந்தால் அவருக்கு என்ன போகும், யார் சொன்னால் கேட்பார், கடைசியாக என்ன செய்தார், எந்தத் தேதியில். "சொன்னார்" என்று எழுத இடம் கிடையாது. தேதி ஆறு வாரத்துக்கு மேல் பழையதானால் நிறம் தானாகச் சாம்பலாகிவிடும். கையெழுத்தே போடாத, ஆனால் ஏதாவது ஒரு தகவலைத் தரவேண்டிய ஆட்களுக்கும் வரி உண்டு. ஸ்டோர்ஸ் அதில் முதலில் வரும்.

செப்டம்பரில் அந்தக் கூட்டு எண்ணிக்கை நடந்தது, மூன்று நாள். இரண்டாம் நாள் நானும் போயிருந்தேன், ஓரமாக நிற்க மட்டும் அனுமதி. லைன் பக்கத்து லாக்கர் ஒன்றைத் திறந்தார்கள். மேலே கையுறைக் கட்டு, ஒரு டிபன் பாக்ஸ், அதற்குக் கீழே துணியில் சுற்றி, பிரிக்காத ஒரு சர்வோ டிரைவ். போன டிசம்பரில் அதே மாடலை அவசரமாக விமானத்தில் வரவழைத்திருக்கிறார்கள். லாக்கர்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஸ்டோர்ஸ் தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி லேபிளை நிதானமாகப் படித்தார். பிறகு ஃபைனான்ஸ் பையனிடம் திரும்பி, "எழுதிக்கோப்பா, கூடுதல் ஒண்ணு" என்றார். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அடுத்த லாக்கருக்கு நகர்ந்தார்கள்.